விழா வசூல் லிங்க்: பணம் வருகிறது, பட்டியல் ஒத்துவரவில்லை என்றால்

விழாவுக்கு ஒரே ஒரு பேமென்ட் லிங்க் உருவாக்கிக் குழுவில் போட்டாயிற்று. பணமும் வர ஆரம்பித்துவிட்டது. ஆனால் இன்னும் யார் யார் பாக்கி என்று யாராவது கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்த நிலையில் அவசரப்பட்டு நினைவூட்டல் அனுப்பினால், ஏற்கெனவே கட்டியவரிடமே மறுபடி பணம் கேட்டதாகிவிடும். வசூலில் நடக்கக்கூடிய தவறுகளில் இதுதான் மனசை அதிகம் புண்படுத்தும். அதனால் கீழே உள்ள எல்லாமே ஒரு விதியைச் சுற்றித்தான் வருகிறது: யாருடையது என்று தெரியாத பணம் ஒரு வரிகூட மீதி இல்லை என்ற நிலை வரும்வரை யாருக்கும் பாக்கி என்று செய்தி அனுப்பக் கூடாது.

விளக்கத்துக்கு ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 60 வீடுகள், வீட்டுக்கு 500. விருப்பப்பட்டவர்கள் கூடுதலாகவும் கொடுக்கலாம்.

## முதலில் ஷீட் எப்படி இருக்க வேண்டும்

பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம், வீட்டுப் பட்டியலையும் வந்த பணத்தையும் ஒரே டேபில் வைத்திருப்பதுதான். ஒருவர் இரண்டு வீட்டுக்குச் சேர்த்துக் கட்டலாம், ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் பாதிப் பாதி கட்டலாம், சிலர் ரொக்கமாகக் கொடுக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் ஒரே டேபில் இடம் கிடையாது. மூன்று டேப் வேண்டும்.

முதலாவது "வீடுகள்". A-இல் வீட்டுக் குறியீடு, B-இல் பெயர், C-இல் எதிர்பார்க்கும் தொகை, D-இல் வந்த தொகை. இரண்டாவது "வரவு". பேமென்ட் சேவையின் டாஷ்போர்டிலிருந்து, வெற்றிகரமாக முடிந்த பேமென்ட்களை மட்டும் இறக்கி இங்கே ஒட்ட வேண்டும். A-இல் பேமென்ட் ஐடி, B-இல் நேரம், C-இல் தொகை, D-இல் ரீஃபண்ட் செய்த தொகை, E-இல் கட்டியவர் பெயர், F-இல் அவர் கொடுத்த வீட்டுக் குறியீடு. மூன்றாவது "ஒதுக்கீடு". A-இல் பேமென்ட் ஐடி, B-இல் வீட்டுக் குறியீடு, C-இல் அந்த வீட்டுக்குப் போகும் தொகை, D-இல் குறிப்பு. கையால் எழுதுவது இந்த மூன்றாவது டேபில் மட்டும்தான்.

"வீடுகள்" டேபில் D2-வில்:

```
=SUMIFS('ஒதுக்கீடு'!C:C,'ஒதுக்கீடு'!B:B,A2)
```

"வரவு" டேபில் G2-வில்:

```
=C2-D2-SUMIFS('ஒதுக்கீடு'!C:C,'ஒதுக்கீடு'!A:A,A2)
```

இந்த G நெடுவரிசை, ஒவ்வொரு பேமென்டிலும் இன்னும் எந்த வீட்டுக்கும் ஒதுக்காத பணம் எவ்வளவு என்று காட்டும். எல்லா வரியிலும் 0 வர வேண்டும். 500 என்று நின்றால் அந்தப் பணத்துக்கு இன்னும் ஆள் கண்டுபிடிக்கவில்லை. மைனஸில் போனால் ஒரே பணத்தை இரண்டு வீட்டுக்கு எழுதிவிட்டோம். லிங்கில் வராத ரொக்கத்துக்கு R01, R02 என்று ரசீது எண்ணை ஐடியாகக் கொடுத்து நேரடியாக "ஒதுக்கீடு" டேபில் எழுதிவிடலாம்.

சரி, இனி ஒவ்வொரு சிக்கலாகப் பார்ப்போம்.

## "நான் அன்னைக்கே கட்டிட்டேனே" என்கிறார், பட்டியலில் பாக்கி என்று இருக்கிறது

அவர் சொல்வது உண்மை என்று வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். பெரும்பாலும் பணம் வந்தேதான் இருக்கும், வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும்.

அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எவ்வளவு கட்டினார், எந்த நாள் சுமாராக எத்தனை மணிக்கு, யாருடைய அட்டை அல்லது கணக்கிலிருந்து. மூன்றாவது கேள்வியில்தான் விடை கிடைக்கும். மகளின் அட்டையில் கட்டியிருப்பார், இல்லை அலுவலகக் கணக்கிலிருந்து போயிருக்கும். "வரவு" டேபில் G நெடுவரிசையை 0 அல்லாத வரிகளுக்கு மட்டும் வடிகட்டிவிட்டு அந்தத் தொகையைத் தேடினால், நாலைந்து வரிகள்தான் கண்ணில் படும். நேரத்தை ஒப்பிட்டால் ஆள் கிடைத்துவிடுவார்.

நேரத்தை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல சேவைகள் இறக்கித் தரும் கோப்பில் நேரம் உள்ளூர் நேரமாக இருக்காது, உலகப் பொது நேரமான UTC-யில் இருக்கும். இருக்கும் ஊரைப் பொறுத்து இரவில் கட்டியது அடுத்த நாளாகவோ, காலையில் கட்டியது முந்தைய நாளாகவோ தெரியலாம். அவர் சொன்ன தேதியில் இல்லை என்று விட்டுவிடாமல் முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள் சேர்த்துப் பாருங்கள்.

அங்கேயும் இல்லையென்றால் டாஷ்போர்டுக்குப் போய், தோல்வியடைந்தவை, இன்னும் முடியாதவை ஆகிய பட்டியல்களையும் பாருங்கள். நாம் ஒட்டியது முடிந்தவற்றை மட்டும்தானே. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுக்கும் முறைகளில் பணம் வந்தது உறுதியாவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை "நடைமுறையில்" என்ற நிலையிலேயே இருக்கும். அட்டையில் இன்னொரு வகை உண்டு. பேமென்ட் தோல்வி, ஆனால் அவருடைய வங்கி அந்தத் தொகையைப் பிடித்து வைத்திருப்பதாகக் காட்டும். அவர் கண்ணுக்குப் பணம் போய்விட்டது, நம் பக்கம் ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். அந்தப் பிடிப்பு சில நாட்களில் தானாக விலகிவிடும். விலகிய பிறகு மறுபடி கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரட்டிப்பாகக் கட்டியதுபோல் அவருக்குத் தோன்றும்.

ஸ்கிரீன்ஷாட் வாங்குவதில் தப்பில்லை, ஆனால் அதை வைத்துப் பட்டியலில் "கட்டினார்" என்று எழுதாதீர்கள். அதிலுள்ள பேமென்ட் எண்ணையும் நேரத்தையும் எடுத்து நம் பக்கப் பதிவில் தேடுவதற்கு மட்டுமே அது உதவும். வரவில் இல்லாத பணத்துக்கு ஒதுக்கீட்டில் வரி எழுதினால், கடைசியில் கூட்டும்போது கண்டிப்பாக இடிக்கும்.

## பணம் வந்திருக்கிறது, யாருடையது என்றே தெரியவில்லை

பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முயல்வதுதான் இங்கே அடிப்படைப் பிரச்சினை. ஒருவருக்கு வீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர். முன்னெழுத்து முன்னாலும் வரும், பின்னாலும் வரும். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். அதனால் லிங்கிலேயே வீட்டுக் குறியீட்டைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும். எழுதி நிரப்பும் பெட்டியாக வைக்காமல், இறங்குபட்டியலில் தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். எழுதச் சொன்னால் V07 என்பதை "v 7", "7", "வி07" என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள்.

லிங்க் ஏற்கெனவே வெளியே போய்விட்டது, இப்போது மாற்ற முடியாது என்றால்? பல சேவைகளில் லிங்கை மாற்றாமலே இப்படி ஒரு புலத்தைப் பின்னால் சேர்க்கலாம். அது முடியாத இடத்தில் லிங்கின் வாலில் குறியீட்டை ஒட்டி அனுப்பும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். உதாரணமாக ஸ்ட்ரைப் சேவையின் லிங்கில் இப்படி ஒட்டலாம்:

```
?client_reference_id=V07
```

லிங்க் ஒன்றேதான், வால் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, அடிக்கோடு தவிர வேறு எதையும் அதில் போடாதீர்கள். இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் பிழை என்று எதுவும் சொல்லாது. பணம் கட்டும் பக்கம் வழக்கம்போலத் திறக்கும், பணமும் வரும், குறியீடு மட்டும் சத்தமில்லாமல் விழுந்துவிடும். அதனால் 60 பேருக்கும் அனுப்புமுன் ஒரு லிங்கில் நீங்களே ஒரு சிறு தொகை கட்டி, இறக்கிய கோப்பில் குறியீடு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். கோப்பை இறக்கும்போது எந்தெந்த நெடுவரிசை வேண்டும் என்று கேட்டால், இதையும் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம்.

வால் ஒட்டிய லிங்கைத் தனித்தனியாகத்தான் அனுப்ப வேண்டும், குழுவில் போடக் கூடாது. காரணம், இரட்டைத் தொகை பற்றிய பகுதியில் வருகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஆள் தெரியாத சில வரிகள் மிஞ்சினால், தொகையையும் தேதியையும் மட்டும் குறிப்பிட்டு, இது யாருடையது என்று குழுவில் கேளுங்கள். பாக்கி உள்ளவர்கள் யார் என்று கேட்பதைவிட இது மரியாதையான கேள்வி. பதிலும் சீக்கிரம் வரும்.

## குறியீடு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் ஷீட் 0 காட்டுகிறது

ஒதுக்கீட்டில் V07 என்று இருக்கிறது, வீடுகளிலும் V07 இருக்கிறது, D-இல் மட்டும் 0. இரண்டில் ஒன்று வேறுபடுகிறது. ஒரு வெற்றுக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=LEN('ஒதுக்கீடு'!B2)
```

V07-க்கு 3 வர வேண்டும். 4 வந்தால் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. செய்தியிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ நகலெடுக்கும்போது இப்படி வரும். இதில் ஒருவகை இடைவெளியை TRIM ஃபார்முலா கொண்டும் நீக்க முடியாது, ஏனென்றால் அது சாதாரண இடைவெளி அல்ல. அதையும் சேர்த்து நீக்க:

```
=TRIM(SUBSTITUTE('ஒதுக்கீடு'!B2,UNICHAR(160)," "))
```

LEN சரியாக 3 என்றே வந்தால், சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் O என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் சிக்கல் தொகையில்தான். =ISNUMBER('ஒதுக்கீடு'!C2) என்று கேட்டு FALSE வந்தால், அந்த 500 எண்ணாக இல்லை, எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. நாணயக் குறியோடு ஒட்டியிருக்கலாம், இல்லை தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருக்கலாம். எழுத்தாக உள்ள தொகையை SUMIFS கூட்டாது, பிழை என்றும் சொல்லாது.

குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு முன்னெச்சரிக்கை: 2-3 என்று தெருவும் வீடும் சேர்த்து எழுதினால் ஷீட் அதைத் தேதியாக மாற்றிவிடும். 017 என்று எழுதினால் முன்சுழியம் போய் 17 ஆகும். 1E2 என்பது 100 ஆகிவிடும். V-யும் இரண்டு இலக்கமும் போல, ஓர் எழுத்தில் தொடங்கும் குட்டிக் குறியீடு தொந்தரவு தராது.

## நேற்று சரியாக இருந்த குறிப்புகள் இன்று ஆள் மாறிக் கிடக்கின்றன

"வரவு" டேபில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் யாராவது கையால் "இது V22" என்று எழுதிவைத்திருப்பார்கள். பெரும்பாலான கோப்புகளில் புதிய பேமென்ட்தான் மேலே வரும். இன்று புதிதாக 3 பேமென்ட் வந்த கோப்பை அதே இடத்தில் ஒட்டும்போது பழைய வரிகள் மூன்று வரி கீழே இறங்கும். கையால் எழுதியவை இருந்த இடத்திலேயே நிற்கும். முழுப் பட்டியலும் மூன்று ஆள் தள்ளிப்போய்விடும்.

தீர்வு, வரவில் எதையும் எழுதாமல் இருப்பதுதான். எழுதியவற்றை, ஷீட்டின் பழைய பதிப்பைத் திறந்து, பேமென்ட் ஐடியோடு சேர்த்து "ஒதுக்கீடு" டேபுக்குக் கொண்டுபோங்கள். அப்புறம் வரிசை எப்படிக் கலைந்தாலும் ஐடி மாறாது, கணக்கும் மாறாது. G நெடுவரிசை ஃபார்முலா என்பதால் வரிகளோடு சேர்ந்து சரியாகிவிடும், கடைசி வரிவரை இழுத்துவிட்டால் போதும்.

## ஒரே வீட்டின் பெயரில் இரண்டு தொகை

உடனே ரீஃபண்ட் கொடுத்துவிடாதீர்கள். மூன்று விதமாக இது நடக்கலாம்.

சில நிமிட இடைவெளியில், ஒரே அட்டையில், ஒரே தொகை இரண்டு முறை வந்திருந்தால், பக்கம் சுற்றிக்கொண்டே இருந்ததால் இரண்டாவது முறை அழுத்தியிருப்பார். இது உண்மையான இரட்டிப்பு. வெவ்வேறு நாளில், வெவ்வேறு அட்டையில் வந்திருந்தால், கணவனும் மனைவியும் தெரியாமல் ஆளுக்கொரு முறை கட்டியிருக்கலாம், அல்லது தெரிந்தே கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். கேட்டால்தான் தெரியும். மூன்றாவதுதான் ஏமாற்றும்: V07-க்கு அனுப்பிய வால் ஒட்டிய லிங்கை அவர் நல்லெண்ணத்தில் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பக்கத்து வீட்டுப் பணமும் V07 என்றே வரும். V07-இல் 1000, V08-இல் 0 என்று அருகருகே தெரிந்தால் முதல் சந்தேகம் இதுதான். இங்கே ரீஃபண்ட் தேவையே இல்லை, ஒதுக்கீட்டில் இரண்டாவது ஐடியை V08-க்கு எழுதினால் முடிந்தது.

ரீஃபண்ட் உண்மையிலேயே தேவை என்றால், டாஷ்போர்டில் அந்தப் பேமென்டைத் திறந்து அங்கிருந்தே கொடுங்கள். பணம் வந்த அதே வழியில் திரும்பும், பதிவும் இருக்கும். "என் வேறு கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்" என்று யார் சொன்னாலும் தனியாக அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பிய பிறகு அட்டைக்காரர் தன் வங்கியில் புகார் கொடுத்தால், அதே பணம் இன்னொரு முறையும் நம்மிடமிருந்து எடுக்கப்படும். திருட்டு அட்டையில் வேண்டுமென்றே அதிகமாகக் கட்டி, மிச்சத்தை வேறு கணக்கில் கேட்கும் மோசடியும் இப்படித்தான் நடக்கிறது. நன்கொடை வசூலில் அறிமுகம் இல்லாத பெயரில் பெரிய தொகை வந்து, சீக்கிரமே திருப்பிக் கேட்டால் நிதானியுங்கள்.

## மொத்தம் ஒன்று சொல்கிறது, வங்கி வேறொன்று சொல்கிறது

நம் உதாரணத்தில் "வரவு" டேபில் 41 பேமென்ட். கூட்டினால் 21,200. வங்கிக் கணக்கிலோ 18,205தான் வந்திருக்கிறது. 2,995 குறைகிறது. குழுக் கூட்டத்தில் இந்த எண்ணை யாராவது கேட்டால், விளக்கம் கையில் இல்லாத பொருளாளர் தவித்துப்போவார். ஆனால் இதில் ஒரு காசும் தொலையவில்லை.

முதலில் சேவைக் கட்டணம். உதாரணத்துக்கு ஒவ்வொரு பேமென்டுக்கும் 2 சதவீதமும் அதோடு 3-ம் எடுக்கிறார்கள் என்று வைப்போம். 21,200-இல் 2 சதவீதம் 424. 41 பேமென்டுக்குத் தலா 3 என்றால் 123. மொத்தம் 547. அடுத்து, இரட்டிப்பாகக் கட்டிய ஒருவருக்குத் திருப்பிக் கொடுத்த 500. பெரும்பாலான சேவைகளில் ரீஃபண்ட் கொடுத்தாலும் அந்தப் பேமென்டுக்கு எடுத்த கட்டணம் திரும்பி வராது, அதனால் 547 அப்படியே நிற்கிறது. மூன்றாவது, கடைசியாக வந்த 4 பேமென்ட் இன்னும் வங்கிக்கு வந்து சேரவில்லை. அவை 2,000, கட்டணம் 52 போக 1,948. இப்போது 547, 500, 1,948 மூன்றையும் கூட்டினால் 2,995. சரியாக அமர்கிறது.

வங்கியில் பணம் பேமென்ட் பேமென்டாக வராது, பலவற்றைச் சேர்த்து, கட்டணம் கழித்து ஒரே தொகையாக வரும். அதனால் வங்கி அறிக்கையில் 500-களைத் தேடிப் பயனில்லை. டாஷ்போர்டில் ஒவ்வொரு மொத்த அனுப்பீட்டுக்கும் உள்ளே எந்தெந்தப் பேமென்ட் இருக்கிறது என்று ஒரு விவரம் இருக்கும், ஒப்பிட வேண்டியது அதோடுதான்.

கட்டணம் போக 487தான் கையில் வந்தாலும், வீட்டுக் கணக்கில் 500 என்றே எழுதுங்கள். அவர் கொடுத்தது 500. கட்டணம் விழாவின் செலவு, செலவுப் பக்கத்தில் ஒரே வரியாக 547 போகட்டும். இதை வீட்டுக் கணக்கில் கழித்தால் லிங்கில் தனியாக 500 கட்டிய எல்லா வீடும் 13 பாக்கி என்று காட்டும்.

இதே உதாரணத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 41 பேமென்ட், கட்டிய வீடுகளும் 41. ஆஹா, ஒத்துப்போகிறது என்று தோன்றும். ஆனால் ஒரு பேமென்ட் ரீஃபண்ட் ஆனது, அதற்கு வீடு இல்லை. இன்னொருவர் தன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் சேர்த்து 1,000 கட்டியிருக்கிறார், அதற்கு இரண்டு வீடு. ஒன்று கூடி ஒன்று குறைந்ததால் எண் ஒன்றாகத் தெரிகிறது. பேமென்ட் எண்ணிக்கையை வைத்து "60-இல் 41 போக 19 பாக்கி" என்று சொல்லாதீர்கள். தம்பி வீட்டுக்குத் தேவையில்லாமல் செய்தி போய்விடும். ஒதுக்கீட்டில் அந்த 1,000-ஐ ஒரே ஐடியில் இரண்டு வரியாக, வீட்டுக்கு 500 என்று பிரித்து எழுதினால் G 0 ஆகும், இரண்டு வீடும் கட்டியதாகக் காட்டும்.

முழுக் கணக்கு இப்படி வரும். தலா 500 கட்டிய 38 வீடு, 1,000-இல் இரண்டு வீடு, 700 கொடுத்த ஒரு வீடு: 20,700. ரொக்கமாகக் கொடுத்த 7 வீடு: 3,500. ஒதுக்கீட்டின் கூட்டுத்தொகை 24,200 வர வேண்டும், பணம் வந்த வீடுகள் 48. பாக்கி 12. G நெடுவரிசை முழுக்க 0 என்று பார்த்துவிட்ட பிறகு அந்த 12 பேருக்கு மட்டும், குழுவில் இல்லாமல், தனியாக எழுதலாம். கட்டியவர் பட்டியலைக் குழுவில் போட வேண்டியிருந்தால், குறியீட்டை மட்டும் போடுங்கள். யார் 700 கொடுத்தார், யார் 500 கொடுத்தார் என்பது அங்கே வேண்டாம்.

## விழா முடிந்த பிறகும் பணம் வருகிறது

யாரோ பழைய செய்தியைத் தேடி எடுத்து, தாமதமாகக் கட்டுகிறார். டாஷ்போர்டில் லிங்கைச் செயலிழக்கச் செய்தால் புதிய பேமென்ட் நின்றுவிடும், பழைய பதிவுகள் அப்படியே இருக்கும். அதைச் செய்யுமுன் முழுக் கோப்பையும் ஒரு முறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளாளர் பொறுப்பை அடுத்தவரிடம் கொடுத்தாலும், அந்தச் சேவையில் உள்ள கணக்கை உடனே மூடிவிட வேண்டாம். அட்டையில் கட்டியவர் தன் வங்கியில் ஆட்சேபம் தெரிவிக்கப் பொதுவாகச் சுமார் 120 நாள் வரை அவகாசம் உண்டு. பில்லில் இருக்கும் பெயர் விழாவோடு சம்பந்தமில்லாமல் இருந்தால், என்னவென்று புரியாமல் ஆட்சேபிப்பவர்களும் உண்டு. அப்படி வந்தால் பதில் சொல்ல டாஷ்போர்டும், அந்த ஐடிக்கு நேராக உள்ள ஒதுக்கீட்டு வரியும் வேண்டும்.